எல்லாருக்கும் பொதுவான ஃபைல் என்று ஒரு பொய்

1

போன வருஷம் ஐப்பசி மாதம் ஒரு பெண் எனக்கு போன் செய்தாள். வேதாரண்யம் பக்கம். எம்.ஏ. வரலாறு படிக்கிறாள். நாகப்பட்டினம் கடற்கரையில் புயல்களும் மீனவர் குடியிருப்புகளும் பற்றி ஆய்வேடு எழுதுகிறாள். நாங்கள் சிலர் சேர்ந்து பழைய சென்னை மாகாணத்தின் தினசரி மழை அட்டவணைகளைத் தட்டச்சு செய்து இணையத்தில் போட்டிருந்தோம். அது அவள் கண்ணில் பட்டிருக்கிறது.

"அண்ணா, உங்க ஃபைல் ஓபன் ஆகவே மாட்டேங்குது."

"எதுல திறக்கிறம்மா?"

"எக்செல்லதான். அரைமணி நேரம் சுத்துது, அப்புறம் முழுசா வரலைன்னு ஏதோ சொல்லுது. வந்த வரைக்கும் பார்த்தா க வரிசையிலயே முடிஞ்சுபோச்சு. நாகப்பட்டினமே இல்ல. நீங்க போடலையா அண்ணா?"

போட்டிருந்தோம். 66 வருஷத்து நாகப்பட்டினம் மழையும் அந்த ஃபைலில் இருந்தது. அவளால் அங்கே போய்ச் சேர முடியவில்லை, அவ்வளவுதான். அவளுடையது அக்காவுக்கு அரசு கொடுத்த இலவச லேப்டாப். 4 ஜிபி நினைவகம். இணையம் போனிலிருந்து, தினசரி டேட்டா கணக்கில். எங்கள் ஃபைல் ஏறக்குறைய 1.4 ஜிபி. ஒருநாள் டேட்டா முழுவதையும் அதற்கே கொடுத்து இறக்கியிருக்கிறாள்.

அன்று மாலை எங்கள் குழுக் கூட்டத்தில் இதைச் சொன்னேன். இதை வேறு வடிவத்தில் போடலாம், பார்கே என்று ஒன்று இருக்கிறது என்றேன். மூத்தவர் ஒருவர், நான் பெரிதும் மதிப்பவர், சொன்னார்: "தம்பி, சிஎஸ்விதான் எல்லாருக்கும் பொது. நோட்பேட் இருந்தாப் போதும், யாரும் திறக்கலாம். நீ சொல்றதெல்லாம் கம்ப்யூட்டர்காரங்க சமாச்சாரம். நாம சாமானியனுக்குப் பண்றோம்."

சாமானியனுக்கு! அரைமணி நேரம் சுற்றும் வட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்தப் பெண் அப்போது யார்?

இந்தக் கட்டுரை அந்த ஒரு வாக்கியத்துக்கு எதிரானது. 'சிஎஸ்வி எல்லாருக்கும் பொது' என்பது சின்ன அட்டவணைக்கு உண்மை, பெரிய தொகுப்புக்குப் பொய். அந்தப் பொய்யின் விலையைக் கொடுப்பது வசதியான கணினி வைத்திருக்கும் நாங்கள் அல்ல, அவள்.

2

முதலில் அளவைப் பார்த்துவிடுவோம். பெரிய கணக்கில்லை, பேப்பரில் போடலாம்.

எங்கள் தொகுப்பில் 300 மழைமானி நிலையங்கள். 1891 தொடங்கி 1956 வரை. அந்த வருஷம் மாநிலங்களின் எல்லையே மாறிவிட்டதால் அங்கே நிறுத்தினோம். 66 ஆண்டுகள், அதில் 16 லீப் வருஷங்கள் (1900 லீப் இல்லை, பலர் இங்கே தவறுவார்கள்). ஆக 24,106 நாட்கள். ஒரு நிலையத்தின் ஒரு நாளுக்கு ஒரு வரி. 300 பெருக்கல் 24,106 என்றால் 72,31,800 வரிகள்.

எக்செல் ஒரு தாளில் ஏற்றுக்கொள்ளும் வரிகள் 10,48,576. தலைப்பு வரியைக் கழித்து வகுத்தால் 43 நிலையங்கள் முழுதாகவும் 44ஆவது பாதியாகவும் வரும். நிலையப் பெயர்கள் அகர வரிசையில் இருந்ததால் அவளுக்கு க-வோடு உலகம் முடிந்துபோனது. அவள் நல்ல ஆய்வாளர் என்பதால் நாகை இல்லையே என்று கேட்டாள். தேடிய ஊர் அ-வில் ஆரம்பித்திருந்தால் கேட்டிருக்கவே மாட்டாள். மாகாண சராசரி போடுகிறேன் என்று இறங்குபவர் அந்த 43 ஊர்களை மட்டும் வைத்துப் போட்டுவிட்டுப் போயிருப்பார். அந்த ஃபைலை எக்செல்லில் அப்படியே சேமித்து இன்னொருவருக்கு அனுப்பினால், மிச்சமுள்ள 256 நிலையங்கள் எப்போதும் இருந்ததாகவே யாருக்கும் தெரியாது.

அடுத்து, ஏன் 1.4 ஜிபி? ஒவ்வொரு வரியிலும் நிலையம், தாலுகா, மாவட்டம், தேதி, மழையளவு, குறிப்பு, தொகுதி, பக்க எண் என்று எழுதினால் வரிக்குச் சுமார் 200 பைட். இதில் பெரும்பங்கு ஊர்ப் பெயர்கள். இங்கே தமிழுக்கென்று தனியாக ஒரு வரி விதிக்கப்படுகிறது. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட் எடுக்கும். 'திருநெல்வேலி'யில் உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் சேர்த்து 12 குறிகள், ஆக 36 பைட். ஆங்கிலத்தில் அதே ஊர் 11 பைட்டில் முடிந்துவிடும். திருநெல்வேலி மாவட்டத்தில் 20 நிலையங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு சொல்லை 4,82,120 முறை எழுதுகிறோம். 1.7 கோடி பைட். 'திருநெல்வேலி, திருநெல்வேலி, திருநெல்வேலி' என்று இம்போசிஷன் எழுதியதற்கு மட்டும் 17 எம்பி!

இதைப் பார்த்ததும் குழுவில் ஒருவர் தமிழை எடுத்துவிட்டு ஆங்கிலப் பெயர் போடலாம் என்றார். தமிழில் தட்டச்சு செய்யவே மூன்று வருஷம் உழைத்தவர்கள் நாங்கள். ஃபைல் வடிவத்தின் குறையைச் சரிசெய்ய மொழியை எடுத்துவிடு என்கிறார். பிரச்சினை தமிழிடம் இல்லை. ஒரே சொல்லை லட்சம் முறை எழுதச் சொல்லும் வடிவத்திடம் இருக்கிறது.

3

சிஎஸ்வி வரி வரியாக எழுதுகிறது. ஒரு நாளின் எல்லாச் சங்கதியும் முதல் வரி, அடுத்த நாளின் எல்லாம் அடுத்த வரி. அந்தப் பெண்ணுக்கு வேண்டியது என்ன? நிலையம், தேதி, மழையளவு என்ற மூன்று பத்திகள், அதுவும் ஒரே ஒரு ஊருக்கு. ஆனால் சிஎஸ்வியில் ஒரு வரி எங்கே முடிகிறது என்பது அதன் கடைசி எழுத்து வரை படித்தால்தான் தெரியும். நாகப்பட்டினம் எங்கே ஆரம்பிக்கிறது என்று சொல்ல அதில் எந்த அடையாளமும் இல்லை. அதனால் எந்தக் கேள்வி கேட்டாலும் 1.4 ஜிபியும் முதலிலிருந்து படிக்கப்படும். அடுத்த கேள்விக்கு மறுபடியும் முதலிலிருந்து.

பத்திவாரி வடிவம் இதைத் தலைகீழாக்குகிறது. எல்லா நிலையப் பெயர்களும் ஓரிடத்தில், எல்லாத் தேதிகளும் ஓரிடத்தில், எல்லா மழையளவுகளும் ஓரிடத்தில். பார்கே அப்படிப்பட்ட வடிவம். மரத்துண்டுகளை அடுக்கிப் போடும் தரைக்குப் பிரெஞ்சில் உள்ள பெயர் அது. வேலை செய்யும் விதமும் அப்படித்தான். மொத்த வரிகளையும் முதலில் சில பெரிய கட்டுகளாகப் பிரிக்கும். ஒவ்வொரு கட்டுக்குள்ளும் ஒவ்வொரு பத்தியையும் தனித்தனித் துண்டாக அடுக்கும். ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தால், பெயர்ப் பட்டியலை ஒருமுறை எழுதிவிட்டுப் பிறகு 'முதல் பெயர், 24,106 முறை' என்று எண்ணால் குறித்துக்கொள்ளும். திருநெல்வேலிக்கு 36 பைட் ஆனால் என்ன, 360 ஆனால் என்ன? ஒரு கட்டில் ஒருமுறைதானே.

எனக்கு மிகவும் பிடித்தது ஃபைலின் கடைசியில் இருக்கிறது. எந்தப் பத்தி எங்கே தொடங்குகிறது, ஒவ்வொரு கட்டிலும் அந்தப் பத்தியின் மிகச் சிறிய மதிப்பு எது, மிகப் பெரியது எது என்று ஓர் அடிக்குறிப்பு எழுதப்பட்டிருக்கும். பழைய அச்சு அட்டவணையைக் கையில் எடுத்தவர்களுக்கு இது புதிதே இல்லை. மேலிருந்து கீழாக 31 நாட்கள், அடியில் மாதக் கூட்டுத்தொகை. அந்தக் குமாஸ்தா பத்தி பத்தியாகத்தான் யோசித்தார். அவசரமாகப் பார்க்க வருபவர் அடியை மட்டும் பார்த்துவிட்டுப் போகலாம். அவருடைய பத்தியைக் கலைத்து வரியாக்கி, அடிக்கூட்டையும் அறுத்துப் போட்டு, 'எளிமை' என்று பெயர் வைத்தது நாம்தான்.

"அதான் ஜிப் பண்ணிட்டாப் போச்சே" என்பவர்கள் உண்டு. ஜிப் செய்தால் இறக்கும் அளவு நிச்சயம் குறையும். ஆனால் நாகப்பட்டினத்தைப் பார்க்க முழுவதையும் விரித்தாக வேண்டும். மூட்டையைச் சின்னதாகக் கட்டிக் கொடுத்தீர்கள், வீட்டுக்குப் போய் அவிழ்த்தால் அதே 1.4 ஜிபி, அதே எக்செல், அதே க வரிசை.

4

வேகத்தை விடுங்கள். வேகம் மட்டுமே பிரச்சினை என்றால் இவ்வளவு கோபப்பட்டிருக்க மாட்டேன். சிஎஸ்வி சத்தமில்லாமல் பொருளை மாற்றிவிடுகிறது, என் சண்டை அங்கே.

அந்த வடிவத்துக்கு எண் தெரியாது, தேதி தெரியாது, எல்லாமே எழுத்துதான். இது எண்ணா தேதியா என்பதைத் திறக்கிற மென்பொருள் ஒவ்வொரு முறையும் ஊகிக்கிறது. விண்டோஸ் எக்செல்லின் காலண்டர் 1900 ஜனவரி 1-இல்தான் தொடங்குகிறது. எங்கள் தொகுப்பு 1891-இல் தொடங்குகிறது. விளைவு, முதல் ஒன்பது வருஷத் தேதிகள் வெறும் எழுத்தாக நிற்கும், மற்றவை தேதியாக மாறும். 03-04-1905 என்று நாம் எழுதிய ஏப்ரல் 3, அமெரிக்க முறையில் அமைத்த கணினியில் மார்ச் 4 ஆகும். 13-04-1905 மட்டும் மாறாமல் எழுத்தாகவே நிற்கும், ஏனென்றால் 13ஆவது மாதம் கிடையாது. பாதி மாறி, பாதி மாறாமல். இதைவிட மோசமான பிழை இல்லை, ஏனென்றால் மேலோட்டமாகப் பார்த்தால் எல்லாம் சரியாகவே தெரியும்.

இது நம் ஊர்க் கதை மட்டுமில்லை. மனித மரபணுக்களில் சிலவற்றின் குறியீட்டுப் பெயரை எக்செல் மார்ச் மாதம், செப்டம்பர் மாதம் என்று தேதியாக்கிக்கொண்டே இருந்தது. கடைசியில் 2020-இல் மரபணுப் பெயரிடும் குழு அந்த மரபணுக்களின் பெயரையே மாற்றியது. அவர்களால் பெயரை மாற்ற முடிந்தது. நாம் 1891-ஐ என்னவென்று மாற்றுவது?

அதைவிட முக்கியமானது வெறுமை. பழைய மழை அட்டவணையில் மூன்று விதமான வெறுமை உண்டு. மழை பெய்யவில்லை என்பது ஒன்று. அன்று யாரும் அளக்கவில்லை என்பது இன்னொன்று. அளந்தார்கள், எழுதினார்கள், ஆனால் பூச்சி அரித்தோ மை ஊறியோ நம்மால் படிக்க முடியவில்லை என்பது மூன்றாவது. எங்கள் சிஎஸ்வியில் மூன்றும் இரண்டு காற்புள்ளிகளுக்கு நடுவில் ஒன்றுமில்லாமல் போய்விட்டன. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கடும்புயல் அடித்த அன்று மழைமானியே போயிருக்கலாம், அளப்பவர் வீட்டைவிட்டு வெளியே வர முடியாமல் இருந்திருக்கலாம். அந்த வெற்றிடத்தைப் பூஜ்யமாக எடுத்துக்கொண்டால், புயல் நாள் மழையில்லாத நாளாகிவிடும். புயலைப் பற்றி எழுதும் பெண்ணுக்கு நாங்கள் கொடுத்த தரவு, புயலையே அழித்துக் கொடுத்த தரவு.

பார்கே இதைத் தானாகச் சரிசெய்துவிடும் என்று சொன்னால் நானும் பொய் சொன்னவன் ஆவேன். 'மதிப்பு இல்லை' என்பதற்கு அதில் ஓர் அடையாளம் உண்டு, அது பூஜ்யத்தோடும் வெற்று எழுத்தோடும் குழம்பாது. ஆனால் அந்த ஓர் அடையாளம் இரண்டு காரணங்களைச் சுமக்காது. அதனால் மழையில்லை என்றால் 0, மற்ற இரண்டுக்கும் 'மதிப்பு இல்லை', எந்த 'இல்லை' என்பதற்குப் பக்கத்திலேயே ஒரு குறிப்புப் பத்தி என்று முடிவு செய்தோம். முடிவு நம்முடையதுதான். அந்த முடிவைக் கலையாமல் காப்பாற்றுவது வடிவத்தின் வேலை.

5

செய்தது எப்படி என்று சொல்லிவிடுகிறேன். டக்டிபி என்ற இலவச மென்பொருள் போதும். சர்வர் வேண்டாம், பழைய லேப்டாப்பிலும் ஓடும்.

முதல் வேலை மாற்றுவது அல்ல, சோதிப்பது. அந்தக் காலத்து மழையளவு அங்குலத்திலும் சென்ட்டிலும் இருக்கும். நூறு சென்ட் ஓர் அங்குலம். 1 அங்குலம் 5 சென்ட் என்பதை 105 என்று முழு எண்ணாக வைத்துக்கொண்டோம். எண் அல்லாத எதுவும் அந்தப் பத்தியில் இருக்கக் கூடாது:

```sql
SELECT volume, page, cents
FROM read_csv('rain.csv', header = true, all_varchar = true)
WHERE NOT regexp_full_match(cents, '[0-9]+');
```

`all_varchar` என்பது 'நீ எதையும் ஊகிக்காதே, எல்லாவற்றையும் எழுத்தாகவே படி' என்ற கட்டளை. வந்த பட்டியலைப் பார்த்து அன்று முழுக்கத் தலையில் கை வைத்துக்கொண்டிருந்தோம். 105-க்குப் பதில் நடுவில் ஆங்கில ஓ போட்ட `1O5`. அங்குலமாகவே எழுதிவிட்ட `1.05`. இந்த இரண்டாவது ரகம் ஆபத்தானது. சோதிக்காமல் நேராக முழு எண்ணாக மாற்றினால், அது சத்தமில்லாமல் 1 ஆகிவிடலாம். ஓர் அங்குல மழை ஒரு சென்ட் தூறலாகிவிடும். மூன்று வருஷமாக அந்தப் பிழைகள் எங்கள் சிஎஸ்விக்குள் சௌகரியமாகக் குடியிருந்தன. அந்த வடிவம் ஒருநாளும் 'இது எண் இல்லையே' என்று கேட்டதில்லை. தொகுதியும் பக்கமும் தனிப் பத்தியாக இருந்ததால் மூலப் படத்தை எடுத்து ஒவ்வொன்றாகத் திருத்தினோம்.

அதன் பிறகு மாற்றியது:

```sql
COPY (
  SELECT station, taluk, district,
         CAST(obs_date AS DATE) AS obs_date,
         CAST(cents AS SMALLINT) AS cents,
         flag, volume, page
  FROM read_csv('rain.csv', header = true, all_varchar = true)
  ORDER BY station, obs_date
) TO 'rain.parquet' (FORMAT parquet, COMPRESSION zstd);
```

தேதிகளை முதலிலேயே 1905-04-03 என்ற முறைக்குக் கொண்டுவந்துவிட்டோம். இதில் முக்கியமான வரி `ORDER BY`. அதை நான் கற்றுக்கொண்டது அடிபட்டுத்தான்.

முதல் முறை நான் நிலையத்துக்கு ஒன்று, வருஷத்துக்கு ஒன்று என்று ஃபைல் போட்டேன். 19,800 ஃபைல்கள், ஒவ்வொன்றிலும் வெறும் 365 வரி. ஒவ்வொன்றையும் திறந்து அடிக்குறிப்பைப் படிப்பதிலேயே நேரம் போனது. சிஎஸ்வியே தேவலாம் என்று ஆகிவிட்டது. மூத்தவர் சிரித்தார். இரண்டாவது முறை எல்லாவற்றையும் ஒரே ஃபைலாக்கினேன், ஆனால் வருஷ வரிசையில் சேர்த்தேன். டக்டிபி ஒரு கட்டுக்குச் சுமார் 1,22,880 வரி வைக்கும். 72 லட்சம் வரிக்கு 59 கட்டுகள். வருஷ வரிசையில் அடுக்கினால் ஒவ்வொரு கட்டிலும் 300 ஊரும் இருக்கும். அடிக்குறிப்பில் சிறிய மதிப்பு அ-வில் தொடங்கும் ஊர், பெரிய மதிப்பு வ-வில் தொடங்கும் ஊர். நாகப்பட்டினம் எந்தக் கட்டில் இருக்கும் என்று கேட்டால், எல்லாவற்றிலும் இருக்கலாம் என்றுதான் பதில். 59-ஐயும் பிரித்தாக வேண்டும்.

நிலைய வரிசையில் அடுக்கினால் ஒரு கட்டில் ஐந்து ஊர்தான். நாகப்பட்டினம் ஒரு கட்டில் இருக்கும், மிஞ்சினால் இரண்டில். உங்கள் ஃபைல் எந்த நிலைமையில் இருக்கிறது என்று தெரிய இதைக் கேளுங்கள்:

```sql
SELECT row_group_id, stats_min_value, stats_max_value
FROM parquet_metadata('rain.parquet')
WHERE path_in_schema = 'station';
```

ஒவ்வொரு கட்டின் தொடக்கமும் முடிவும் வரும். அகராதியின் பக்கத் தலைப்புச் சொற்கள் மாதிரி அடுத்தடுத்து நகர்ந்தால் சரி. எல்லா வரியிலும் அதே முதல் ஊரும் அதே கடைசி ஊரும் வந்தால், பார்கே என்று பெயர் வைத்த சிஎஸ்வியைத்தான் செய்திருக்கிறீர்கள்.

அந்தப் பெண்ணுக்கு அனுப்பிய கேள்வி இது. அக்டோபர், நவம்பர், டிசம்பர் மழை, வருஷவாரியாக:

```sql
SELECT year(obs_date) AS y,
       sum(cents) / 100 AS inches,
       count(cents) AS days
FROM 'rain.parquet'
WHERE station = 'நாகப்பட்டினம்'
  AND month(obs_date) IN (10, 11, 12)
GROUP BY y ORDER BY y;
```

கூட்டுத்தொகை, மதிப்பில்லாத நாட்களைக் கண்டுகொள்ளாமல் தாண்டிவிடும். அதனால்தான் `days`. அந்த மூன்று மாதத்துக்கு 92 நாட்கள். 92 வந்தால் அந்த வருஷத்தை நம்பலாம். 80 வந்தால் 12 நாட்கள் காணவில்லை, குறிப்புப் பத்தியைப் போய்ப் பார்க்காமல் வறட்சி என்று எழுதாதே என்றேன்.

இதற்கு அவள் மொத்த ஃபைலையும் இறக்க வேண்டியதில்லை. ஃபைல் பெயர் இருக்கும் இடத்தில் இணைய முகவரியைக் கொடுத்தால், டக்டிபி முதலில் கடைசியிலிருக்கும் அடிக்குறிப்பை மட்டும் வாங்கும். பிறகு வேண்டிய கட்டின் வேண்டிய பத்தியை மட்டும் கேட்கும். கணக்குப் பார்க்கலாம். ஒரு கட்டில் 1,22,880 வரி. தேதிக்கு 4 பைட், மழையளவுக்கு 4 பைட், சுருக்காமலே ஒரு கட்டுக்கு 1 எம்பிக்குக் கீழே. ஐந்தாறு ஊர்ப் பெயர் மட்டும் கொண்ட நிலையப் பத்தி கணக்கிலேயே வராது. இரண்டு கட்டு என்றாலும் 2 எம்பி. 1.4 ஜிபி எங்கே, 2 எம்பி எங்கே! ஒரு நாள் டேட்டா போன இடத்தில் வாட்ஸாப்பில் வரும் சில போட்டோக்கள் அளவுதான் போகும். ஒரே நிபந்தனை, ஃபைல் இருக்கும் சர்வர் கேட்ட துண்டை மட்டும் கொடுக்கத் தெரிந்ததாக இருக்க வேண்டும். சில இலவச இடங்கள் முழுவதையும்தான் கொடுக்கும். போடுவதற்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

6

எதிர்வாதங்களை ஒளிக்கப் போவதில்லை. "பெரிய கம்பெனிக்காரன் சரக்கு" என்றார்கள். 2013-இல் ட்விட்டரும் கிளவுடெராவும் சேர்ந்து வெளியிட்டது உண்மைதான். இன்று அது அப்பாச்சி அறக்கட்டளையின் கீழ் இருக்கிறது. விதிமுறை எல்லாருக்கும் திறந்தது, பைத்தானிலும் ஆரிலும் படிக்கலாம். பத்திவாரியாகச் சேமிக்கும் யோசனை அதைவிடப் பழையது. 1970-களிலேயே கனடாவின் புள்ளியியல் துறை தன் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காக அப்படி ஓர் அமைப்பை வைத்திருந்தது. அட்டவணையைக் கூட்டிப் பார்த்தே பிழைக்கிறவர்களுக்குத் தோன்றிய யோசனை அது. கம்பெனிக்காரர்கள் பின்னால் வந்தவர்கள்.

"நோட்பேட்ல திறக்காதே" என்றார்கள். திறக்காது, ஒத்துக்கொள்கிறேன். கையால் ஒரு எண்ணைத் திருத்தவும் முடியாது, ஃபைலையே மறுபடி எழுத வேண்டும். இறக்கம் பாதியில் அறுந்தால் சிஎஸ்வியில் பாதியாவது மிஞ்சும். இதில் அடிக்குறிப்பு கடைசியில் இருப்பதால் எதுவுமே திறக்காது. ஃபைலின் கடைசி நான்கு எழுத்து `PAR1` என்று இருக்கிறதா என்று `tail -c 4 rain.parquet` போட்டுப் பார்த்தால் முழுசாக வந்ததா என்று தெரிந்துவிடும். என்னைக் கேட்டால் இது நல்ல குணம்தான். பாதி ஃபைல் முழு ஃபைல் மாதிரி நடிப்பதைவிட, திறக்க மாட்டேன் என்று சொல்வது நேர்மை. க வரிசையில் நின்ற அந்த ஃபைல் நடித்தது அல்லவா?

"நூறு வருஷம் கழிச்சு யாரு படிப்பா?" இதுதான் கனமான கேள்வி, மூத்தவர் கேட்டது. வெறும் எழுத்தாக இருப்பது எந்தக் காலத்திலும் கண்ணுக்குத் தெரியும், அதை மறுக்கவில்லை. ஆனால் தெரிவதும் புரிவதும் ஒன்றல்ல. `105` என்ற எழுத்து நூறு வருஷம் கழித்தும் தெரியும். அது அங்குலமா, சென்ட்டா, மில்லிமீட்டரா? சிஎஸ்வியில் அதைச் சொல்லத் தனி இடம் இல்லை. பார்கேயின் அடிக்குறிப்பில் நாம் ஒரு குறிப்பை எழுதி ஃபைலோடு பிரியாமல் வைக்கலாம்.

கடைசியில் நாங்கள் வந்து சேர்ந்த சமாதானம் இது. தட்டச்சும் பிழைதிருத்தமும் சிஎஸ்வியில்தான் நடக்கும். ஒரு பக்கம், 31 வரி, மூலப் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. அந்த அளவுக்கு அதைவிட நல்ல வடிவம் இல்லை. அந்தப் பக்கவாரி சிஎஸ்விகளும் ஸ்கேன் படங்களும் அப்படியே காப்பகத்தில் இருக்கும், மூத்தவரின் நூறு வருஷத்துக்காக. பொதுவில் வைக்கும் தொகுப்பு பார்கே. 72 லட்சம் வரியை ஒற்றை சிஎஸ்வியாக இணையத்தில் தூக்கிப் போட்டுவிட்டு 'திறந்த தரவு' என்று பலகை மாட்டும் பழக்கத்தை மட்டும் நிறுத்தினோம். அரசுத் துறைகள், பல்கலைக்கழகங்கள், நம்மைப் போன்ற தன்னார்வக் குழுக்கள் எல்லாரும் இன்னும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறார்கள். தரவைப் போட்ட நாளில் அவர்கள் கடமை முடிந்துவிடுகிறது. அது திறக்கிறதா என்று வேதாரண்யத்தில் உட்கார்ந்து யாரும் பார்ப்பதில்லை.

அந்தப் பெண்ணுக்கு டக்டிபி நிறுவ இருபது நிமிஷம் போனில் சொல்லிக் கொடுத்தேன். கறுப்புத் திரையைப் பார்த்து முதலில் பயந்தாள். "இது கம்ப்யூட்டர் படிச்சவங்களுக்கு உள்ளது இல்லையாண்ணா?" என்றாள். மூத்தவர் சொன்ன அதே வாக்கியம், இந்த முறை அவள் வாயிலிருந்து. அவளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தது யார் என்று யோசித்துக்கொண்டே, மேலே உள்ள கேள்வியை அனுப்பினேன்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "வந்துருச்சுண்ணா. ஆனா ஒரு வருஷத்துல நாள் 92 இல்ல, 89தான் காட்டுது."

"அந்த மூணு நாள் எதுன்னு பாரு. `cents IS NULL` போட்டு, குறிப்புப் பத்தியையும் சேர்த்து எடு."

மறுபடி அமைதி. "மூணும் அடுத்தடுத்த நாள் அண்ணா. நவம்பர் கடைசி. அளக்கலைன்னு குறிப்பு இருக்கு." ஒரு நிமிஷம் விட்டு அவளே சொன்னாள்: "அந்த வாரம் என்ன நடந்துச்சுன்னு பழைய பேப்பர்ல தேடணும்."

சிஎஸ்வியில் அந்த மூன்று நாளும் வெறும் காற்புள்ளிகளாக இருந்தன.